ஓடிபி வருகிறதே, வங்கி ஆப் ஏன் திறக்க மறுக்கிறது?

புதிய செல்போன் வாங்கியாயிற்று. பழைய போனிலிருந்த சிம்மைக் கழற்றிப் புதியதில் போட்டாயிற்று. அழைப்புகள் வருகின்றன, வாட்ஸ்அப் ஓடுகிறது, பழைய படங்கள்கூட வந்து சேர்ந்துவிட்டன. வங்கி ஆப்பைத் திறந்தால் மட்டும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் Device verification failed என்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்வதில்லை. சிறிது நேரம் கழித்து மறுபடி முயலுங்கள் என்பதோடு முடித்துக்கொள்கிறது.

இந்த நிலையில் மாட்டிக்கொண்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அதே சிம், அதே எண், ஓடிபிகூட ஒழுங்காக வருகிறது; பிறகு எதைச் சரிபார்க்க முடியவில்லை என்கிறது? நியாயமான கேள்விதான். ஆனால் ஓடிபி வருவதற்கும் இந்தச் சரிபார்ப்புக்கும் தொடர்பே இல்லை. ஓடிபி என்பது வங்கியிடமிருந்து உங்களுக்கு வரும் எஸ்.எம்.எஸ். போனைச் சரிபார்க்கும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். உங்கள் போனிலிருந்து வங்கிக்கு ஓர் எஸ்.எம்.எஸ். போக வேண்டும். அது போய்ச் சேரவில்லை என்றாலும், வேறு எண்ணிலிருந்து போனாலும், தாமதமாகப் போனாலும் திரையில் வருவது பெரும்பாலும் அதே ஒற்றை வரிதான்.

எதற்காக இந்த எதிர்த்திசை? ஓடிபியை மட்டும் நம்பினால், அதை யாரும் யாரிடமும் சொல்லிவிடலாம். போனில் அதிகாரி போலப் பேசுகிறவரிடம் ஆறு இலக்கத்தைப் படித்துக் காட்டி ஏமாந்தவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். அதனால், பதிவு செய்யப்பட்ட எண்ணுக்குரிய சிம் உண்மையிலேயே இந்தப் போனுக்குள்தான் இருக்கிறதா என்று வங்கி நேராகத் தெரிந்துகொள்ள விரும்புகிறது. யுபிஐ ஆப்கள் எல்லாம் இந்த முறையில்தான் போனைப் பதிவு செய்கின்றன. வங்கி ஆப்பை ஒரு குறிப்பிட்ட போனோடு பிணைத்துவைக்க வேண்டும் என்பதை ரிசர்வ் வங்கியும் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட டிஜிட்டல் பணப் பரிவர்த்தனைப் பாதுகாப்பு விதிகளில் சொல்லியிருக்கிறது. வங்கிக்காரர்கள் இதை டிவைஸ் பைண்டிங் என்றும் சிம் பைண்டிங் என்றும் சொல்வார்கள்.

நடப்பது இதுதான். நீங்கள் ஆப்பைத் திறந்து உங்கள் சிம்மைத் தேர்ந்தெடுத்ததும், ஆப் அந்த முயற்சிக்கென்றே ஒரு நீண்ட எழுத்துக்கோவையை உருவாக்குகிறது. படித்தால் ஒன்றும் புரியாது. அதை வங்கியின் எண் ஒன்றுக்கு எஸ்.எம்.எஸ். ஆக அனுப்புகிறது. அந்தச் செய்தி செல்போன் நிறுவனத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே, இந்தச் செய்தி எந்தச் சிம்மிலிருந்து புறப்பட்டது என்பதைப் பார்த்து, அந்தச் சிம்முக்குரிய பத்து இலக்க எண்ணை நிறுவனமே அனுப்புநராகப் பதிக்கிறது. கடிதத்தில் அனுப்புநர் முகவரியை யாரும் எப்படியும் எழுதிவிடலாம், தபால் நிலைய முத்திரையை அப்படி மாற்ற முடியாது அல்லவா, அதுபோலத்தான். வங்கியின் கணினி அந்த எண்ணைப் பார்க்கிறது. கணக்கில் பதிவான எண்ணோடு ஒப்பிடுகிறது. எழுத்துக்கோவை எந்த ஆப்பிலிருந்து வந்தது என்று பார்க்கிறது. மூன்றும் பொருந்தினால் இந்தப் போன், இந்தச் சிம், இந்தக் கணக்கு என்று ஒரு முடிச்சுப் போட்டுவிடுகிறது.

பழைய போனில் இந்த முடிச்சை என்றைக்கோ ஒருமுறை போட்டிருப்பீர்கள். அதன்பிறகு அது அவிழவே இல்லை. அதனால் அப்படி ஒன்று இருப்பதே நினைவில் இருக்காது. புதிய போனுக்கு வந்ததும் எல்லாம் முதலிலிருந்து.

எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு நடந்ததை இங்கே முழுதாகச் சொல்கிறேன். இந்தப் பிழையின் பின்னால் ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல காரணங்கள் இருக்கலாம் என்பதற்கு அவர் கதையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அண்ணாச்சியிடம் இரண்டு எண்கள். கடைக்கு ஒன்று, அதில்தான் எல்லாப் பேச்சும், இணையமும். இன்னொன்று வங்கிக் கணக்கில் பதிவானது. யாரையும் அதிலிருந்து அழைப்பதில்லை. பழைய போனின் திரை உடைந்ததும், மகன் புதிய போன் வாங்கிக் கொடுத்து, இரண்டு சிம்களையும் அதில் போட்டு, பழைய போனிலிருந்த ஆப்களையும் தகவல்களையும் அப்படியே புதியதற்கு மாற்றிக் கொடுத்துவிட்டான். எல்லாம் சரி. வங்கி ஆப் மட்டும் திறக்கவில்லை.

"ஓடிபி டாண்ணு வருது தம்பி. சிம்முல குத்தமில்ல. இந்தப் போன்தான் சரியில்ல. கடைக்காரன்கிட்ட திருப்பிக் குடுத்திரலாம்னு பாக்கேன்" என்றார்.

போனின் மேல் குற்றமில்லை என்பது மெசேஜ் பெட்டியைத் திறந்ததுமே தெரிந்தது. பலருக்குத் தெரியாத விஷயம் இது: வங்கி ஆப் உங்கள் ஆண்ட்ராய்டு போனிலிருந்து அனுப்பும் எஸ்.எம்.எஸ். வழக்கமாக உங்கள் மெசேஜ் பெட்டியிலேயே பதிவாகும். நீங்கள் அனுப்பாத, புரியாத எழுத்துகள் நிறைந்த ஒரு செய்தி ஏதோ ஓர் எண்ணுக்குப் போயிருப்பது போலத் தெரியும். பிழை வந்தவுடன் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். அப்படி ஒரு செய்தியே அங்கு இல்லை என்றால், ஆப்புக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் அனுமதி கொடுக்கப்படவில்லை என்று சந்தேகிக்கலாம். போனின் செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் தேடி, அனுமதிகளில் எஸ்.எம்.எஸ்., போன் ஆகிய இரண்டையும் தந்துவிட்டு மறுபடி முயலலாம். செய்தி இருக்கிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை என்ற குறி பக்கத்தில் இருக்கிறது என்றால் கோளாறு சிம்மில் அல்லது அதன் ரீசார்ஜில். செய்தி நன்றாகப் போயிருக்கிறது, ஆனாலும் பிழை வருகிறது என்றால் எந்தச் சிம்மிலிருந்து போனது என்று பார்க்க வேண்டும்.

அண்ணாச்சியின் பெட்டியில் இரண்டு வகையும் இருந்தன. முதல் முறை மகன் அவசரத்தில் கடைச் சிம்மைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். செய்தி போய்ச் சேர்ந்தது. ஆனால் வங்கி பார்த்தது கடை எண்ணை. அந்த எண்ணுக்கு அங்கே கணக்கே இல்லை. அடுத்த முறைகளில் சரியான சிம்மைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவை எல்லாவற்றின் பக்கத்திலும் போகவில்லை என்ற சிவப்புக் குறி.

"இதே நம்பர்ல இருந்து சாயங்காலம் பொண்ணுக்கு மெசேஜ் போட்டேனே, போச்சே" என்றார். போனது உண்மைதான். ஆனால் அது எஸ்.எம்.எஸ். ஆகப் போகவில்லை. இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் மெசேஜ் செயலியே இணையம் வழியாகச் செய்தி அனுப்பும் சாட் வசதியோடு வருகிறது. எதிரே இருப்பவரிடமும் அந்த வசதி இருந்தால் செய்தி வைஃபை வழியாகவே போய்விடும். வங்கிக்குப் போக வேண்டியது அந்த வழியில் போகாது. இதைச் சோதிக்க எளிய வழி, வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிட்டு, வங்கியில் பதிவான சிம்மிலிருந்து வீட்டில் இன்னொருவருக்கு ஒரு சாதாரணச் செய்தி அனுப்பிப் பார்ப்பது. அவர் போனில் அது வந்ததா, எந்த எண்ணிலிருந்து வந்ததாகக் காட்டுகிறது என்று இரண்டையும் கேட்டுவிட வேண்டும். என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். ஒன்றும் வரவில்லை.

காரணம் ரீசார்ஜ். அந்தச் சிம்மின் வேலிடிட்டி முடிந்திருந்தது. நம் நாட்டில் பேக் முடிந்தால் முதலில் நிற்பது போகும் அழைப்பும் போகும் எஸ்.எம்.எஸ்.ஸும்தான். வருவது இன்னும் சில நாட்கள் வந்துகொண்டுதான் இருக்கும். ஓடிபிக்காக மட்டும் வைத்திருக்கும் சிம்மில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். பழைய போனில் முடிச்சு முன்பே போடப்பட்டிருந்ததால் போகும் எஸ்.எம்.எஸ். தேவைப்படவும் இல்லை. போன் மாறிய அன்றுதான் அந்த நிறுத்தம் வெளியே தெரிந்தது. பழி புதிய போன்மேல் விழுந்தது. வேலிடிட்டி இருந்தாலும் சில சிறிய பேக்குகளில் எஸ்.எம்.எஸ். சேராது. அப்போது டாக்டைம் இருப்பு கொஞ்சமாவது இருக்க வேண்டும். அந்தச் செய்திக்குச் சாதாரண எஸ்.எம்.எஸ். கட்டணம் அதிலிருந்து பிடிக்கப்படும்.

எஸ்.எம்.எஸ். அடங்கிய ஒரு பேக் போட்டதும் என் போனுக்குச் சோதனைச் செய்தி வந்துவிட்டது. வங்கிக்கும் செய்தி போனது, சிவப்புக் குறி இல்லை. ஆனாலும் ஆப் அதே வரியைத்தான் காட்டியது. இங்கேதான் மகன் செய்த உதவி குறுக்கே நின்றது.

பழைய போனிலிருந்து புதியதற்குத் தகவல் மாற்றும் வசதிகள் ஆப்பை மட்டும் கொண்டுவருவதில்லை. சில நேரங்களில் அதன் உள்ளே சேர்ந்திருந்த பழைய தகவல்களையும் கொண்டுவந்துவிடுகின்றன. ஆனால் வங்கி ஆப் தன் ரகசியச் சாவியைப் போனுக்குள் தனியாக இருக்கும் ஒரு பாதுகாப்புப் பகுதியில் வைத்திருக்கும். அந்தச் சாவியை அங்கிருந்து யாரும் நகலெடுக்க முடியாது. எடுக்க முடிந்தால் அந்த ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லை. ஆகவே புதிய போனுக்கு வந்த ஆப், நான் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அதைக் காட்ட வேண்டிய சாவி அதனிடம் இல்லை. வங்கியின் கணினிக்கோ இது அறிமுகமில்லாத போனில் ஓடும் அறிமுகமான ஆப். நகல் எடுக்கப்பட்டதோ என்று சந்தேகப்பட்டு நிறுத்திவிடுகிறது. வங்கி ஆப்பும் யுபிஐ ஆப்பும் இப்படி மாற்றிக்கொண்டு வரப்பட்டிருந்தால், தயங்காமல் அழித்துவிட்டு, பிளே ஸ்டோரிலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். கணக்கிலுள்ள பணமோ பரிவர்த்தனைகளோ ஆப்போடு அழியாது. அவை வங்கியின் கணினியில் இருக்கின்றன.

அண்ணாச்சி புதிதாக இறக்கிய ஆப்பில் சரியான சிம்மைத் தேர்ந்தெடுத்தார். செய்தி போனது. வட்டம் சற்று நேரம் சுற்றியது. டெபிட் கார்டு விவரம் கேட்டது, புதிய எம்பின் வைக்கச் சொன்னது. திறந்துவிட்டது.

அதன்பிறகும் ஒரு சின்னத் திகைப்பு அவருக்குக் காத்திருந்தது. அன்று மாலை மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்பப் போனால் தொகை போகவில்லை. இது கோளாறு இல்லை. புதிய போனில் பதிவு செய்த முதல் 24 மணி நேரத்துக்கு யுபிஐ வழியாகப் பெரும்பாலான வங்கிகள் ரூ.5,000 வரைதான் அனுப்ப விடுகின்றன. யாராவது உங்கள் கணக்கைத் தங்கள் போனில் பிணைத்துவிட்டால்கூட, நீங்கள் கவனித்துத் தடுக்க அந்த ஒரு நாள் இருக்கட்டும் என்பதற்காக. பெரிய தொகை கட்ட வேண்டிய நாளில், வாடகையோ பள்ளிக் கட்டணமோ, அன்றைக்கென்று போனை மாற்றாமல் இருப்பது நல்லது.

அண்ணாச்சியின் சிம் பழையதே. சிம்மே மாறியிருந்தால் கதை வேறு. புதிய போனில் அட்டை நுழையவில்லை என்று கடையில் நானோ சிம் வாங்கிக்கொண்டவர்கள், அட்டையை விட்டு இ-சிம்முக்கு மாறியவர்கள், தொலைந்த சிம்முக்கு மாற்று வாங்கியவர்கள், இவர்கள் எல்லோருக்கும் எண் அதேதான் என்றாலும் செல்போன் நிறுவனத்தின் பார்வையில் இது சிம் மாற்றம். அப்படி மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வருவதையும் போவதையும் நிறுத்திவைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2022-இல் உத்தரவிட்டது. உங்கள் பெயரில் வேறு ஒருவர் போலிச் சிம் வாங்கிக் கணக்கைத் துடைத்துவிடும் மோசடியைத் தடுக்க வந்த உத்தரவு அது. இந்த நேரத்தில் ஆப்போடு மல்லுக்கட்டுவதில் பயனே இல்லை. ஒரு நாள் பொறுத்திருப்பதுதான் வழி.

பொறுமை இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். ஆப் அந்த எஸ்.எம்.எஸ்.ஸுக்காகக் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். சிக்னல் மோசமான இடத்தில் செய்தி அதற்குப் பிறகு போய்ச் சேர்ந்தால் அது செல்லாது. அப்போது இரண்டாவது முறை முயல்வது சரி. ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் திரும்பத் திரும்ப அழுத்தினால், பல வங்கிகள் அந்த எண்ணைச் சில மணி நேரத்துக்கோ ஒரு நாளுக்கோ பதிவு செய்ய முடியாமல் பூட்டிவிடும். சரியான காரணம் அதற்குள் தீர்ந்திருந்தாலும் பிழை அப்படியே நிற்கும். நமக்கோ எல்லாம் செய்தும் பலிக்கவில்லையே என்று தோன்றும்.

ஐபோனில் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே எந்த ஆப்பும் தானாக எஸ்.எம்.எஸ். அனுப்ப முடியாது. செய்தியை எழுதி உங்கள் முன் வைக்கும், அனுப்பும் பொத்தானை நீங்கள்தான் அழுத்த வேண்டும். என்ன இது குப்பை எழுத்து என்று அதில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் முடிந்தது. இரண்டு எண்கள் வைத்திருப்பவர்கள் அனுப்பும் முன்பு எந்த எண்ணிலிருந்து போகிறது என்பதை அந்தத் திரையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கடினம். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்துகொண்டு, ஊர் வங்கிக்காக இந்தியச் சிம்மை உயிரோடு வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஓடிபி அங்கேயும் வரும். போன் மாற்றும்போது மட்டும், அங்கிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். அதற்கு ரோமிங் வசதி திறந்திருக்க வேண்டும், செய்தி அனுப்ப இருப்போ ரோமிங் பேக்கோ வேண்டும். ஊருக்கு வந்திருக்கும்போதே புதிய போனில் பதிவை முடித்துவிட்டுப் போகிறவர்கள் இந்தச் சிரமத்தைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் பிழை வந்தால், வங்கியில் பதிவான எண் நீங்கள் நினைக்கும் எண்தானா என்று கேட்டுப் பாருங்கள். கணக்குத் தொடங்கியபோது கொடுத்த எண், பிறகு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தும் மாறாமலே கிடக்கும் எண், கணவர் அல்லது மகனின் எண் என்று பல கணக்குகளில் உண்டு. இதைத் தீர்க்கப் பாஸ்புக்கோடு கிளைக்குப் போவதுதான் நேரான வழி.

இந்த இடத்தில்தான் மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். ஆப் திறக்காத பதற்றத்தில் வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடுவோம். அங்கே கிடைக்கும் எண்களில் போலிகள் கலந்திருக்கின்றன. எதிர்முனையில் பேசுகிறவர் மிகப் பொறுமையாக, "பயப்படாதீங்க மேடம், நான் ஒரு மெசேஜ் அனுப்புறேன், அதை அப்படியே இந்த நம்பருக்கு உங்க போன்ல இருந்து அனுப்பிடுங்க, ஆப் திறந்திடும்" என்பார். அந்தச் செய்தி, அவருடைய போனில் இருக்கும் ஆப் உருவாக்கிய எழுத்துக்கோவை. அதை நீங்கள் உங்கள் சிம்மிலிருந்து வங்கிக்கு அனுப்பினால், செல்போன் நிறுவனம் உங்கள் எண்ணைப் பதிக்கும். வங்கி உங்கள் கணக்கை அவருடைய போனோடு முடிச்சுப் போட்டுவிடும். ஓடிபி சொல்லாதே என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டோம். இந்த எஸ்.எம்.எஸ்.ஸை யார் சொன்னாலும் அனுப்பாதே என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வங்கி ஆப் தானே அனுப்பும், அல்லது உங்கள் கண்முன் ஆப்பே திறந்து வைக்கும் செய்தியை நீங்கள் அனுப்புவீர்கள். வேறொருவர் அனுப்பித் தரும் எழுத்துகளை நீங்கள் அனுப்ப வேண்டிய தேவை எந்த வங்கியிலும் கிடையாது. சேவை எண்ணை டெபிட் கார்டின் பின்புறத்திலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ எடுங்கள். அப்படி அனுப்பிவிட்டிருந்தால், வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கின் மின்னணுப் பரிவர்த்தனைகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

இதில் வங்கிகளும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எஸ்.எம்.எஸ். தங்களிடம் வரவே இல்லையா, வேறு எண்ணிலிருந்து வந்ததா, தாமதமாக வந்ததா என்பது அவர்களின் கணினிக்குத் தெரியும். மோசடிக்காரருக்குத் துப்புக் கிடைத்துவிடும் என்று சில விவரங்களை மறைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் 'உங்கள் போனிலிருந்து எங்களுக்கு எஸ்.எம்.எஸ். வரவில்லை, ரீசார்ஜைப் பாருங்கள்' என்று தமிழில் ஒரு வரி எழுதினால் எந்தத் திருடனுக்கும் அதில் லாபமில்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் அண்ணாச்சி புதிய போனைத் திருப்பிக் கொடுக்க நினைத்திருக்க மாட்டார். எத்தனையோ பேர் இணையத்தில் சேவை எண்ணைத் தேடிப் போகவும் மாட்டார்கள். வங்கிகள் அதை உடனே எழுத வேண்டும்.